புதுத் தளம் சூடு பிடிக்கும்போது: உங்கள் பிராண்டு இப்போதே இறங்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா? முழுமையான வழிகாட்டி

ஒரு புது ஆப் திடீரென்று எல்லார் வாயிலும் விழுகிறது. பக்கத்துக் கடைக்காரர் கணக்குத் தொடங்கிவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர், "நீங்க அதுல இல்லையா?" என்று கேட்கிறார். அன்று இரவே கணக்கைத் திறந்து, ஒரு வாரம் தினமும் போஸ்ட் போட்டு, மூன்றாவது வாரம் கைவிட்டுவிடுவதுதான் சிறு பிராண்டுகளில் அதிகம் நடப்பது. அதைவிடக் கெட்டது, அந்த மூன்று வாரத்தில் ஏற்கெனவே விற்றுத் தந்துகொண்டிருந்த இன்ஸ்டாகிராம் பக்கம் காய்ந்து போவது.

இந்த வழிகாட்டி ஓரிருவர் மட்டுமே வேலை பார்க்கும் சிறு பிராண்டுகளுக்கு. உதாரணமாக, கோத்தகிரியில் இலைத் தேயிலை பாக்கெட் போட்டு, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் வாங்கி, கூரியரில் அனுப்பும் ஒரு கற்பனை பிராண்டை எடுத்துக்கொள்வோம். அதன் எண்களும் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. உங்கள் எண்களை அந்த இடங்களில் வைத்துப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வந்திருப்பது புதுத் தளமா, பழைய தளத்தில் புது வசதியா? 2020 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த ரீல்ஸ், இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே வந்தது. புது ஐடி வேண்டாம், ஃபாலோவர்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். அப்படிப்பட்ட வசதி என்றால் யோசிக்காமல் அன்றே முயன்று பார்க்கலாம், இழக்க எதுவும் இல்லை. கீழே உள்ள படிகள், பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டிய தளங்களுக்கு மட்டும்.

1. முதல் நாள்: பெயரை மட்டும் பிடித்து வையுங்கள்

சேர்வது வேறு, பெயரைப் பிடிப்பது வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "பொறுத்துப் பார்க்கலாம்" என்று முடிவெடுத்ததும் பெயரையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் அந்தப் பெயரில் வேறு யாரோ தேயிலை விற்றுக்கொண்டிருப்பார். பெயரைப் பிடிக்க அரை மணி நேரம் போதும். ஆகவே இந்தப் படிக்கு எந்த ஆலோசனையும் தேவையில்லை.

மற்ற தளங்களில் உள்ள அதே ஐடியை எடுங்கள். மலை ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் kotagiri என்றும் எழுதுகிறார்கள், kothagiri என்றும் எழுதுகிறார்கள். உங்கள் பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் எழுத்துமுறையே ஐடியிலும் இருக்கட்டும். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாடிக்கையாளர் உங்களைத் தேடுவார்.

கணக்கை பிராண்டின் மின்னஞ்சலிலும் பிராண்டின் சிம்மிலும் தொடங்குங்கள். வேலைக்கு இருக்கும் தம்பியின் சொந்த எண்ணில் தொடங்கினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கணக்கும் போய்விடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, ஜிஎஸ்டி கோப்போடு வையுங்கள்.

ஆப் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். பிராண்டின் போனில் இருப்பது உங்களை நம்பி வாடிக்கையாளர்கள் கொடுத்த எண்கள். அவர்களைக் கேட்காமல் இன்னொரு நிறுவனத்துக்கு அவற்றை ஏற்றுவது சரியல்ல. "உங்க ஆப்புக்கு என் நம்பர் எப்படிப் போச்சு?" என்ற கேள்விக்குப் பிறகு உங்களிடம் பதில் இருக்காது.

பெயரைப் பதியும் முன், கணக்கை அழிப்பது எப்படி என்று தேடிப் பாருங்கள். இதைக் கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே சேரும் த்ரெட்ஸ் 2023 ஜூலையில் வந்தபோது, அந்தக் கணக்கை அழிக்க வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம் கணக்கையே அழிக்க வேண்டியிருந்தது. தனியாக அழிக்கும் வழி அந்த நவம்பரில்தான் வந்தது. வெளியே வரும் கதவு பழைய கணக்கோடு பூட்டப்பட்டிருந்தால், அந்தக் கதவு தனியாகத் திறக்கும்வரை பெயரையும் பதியாதீர்கள்.

பதிந்த பிறகு சுயவிவரத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "ஆர்டருக்கும் பதிலுக்கும் வாட்ஸ்அப்பில் மட்டும்," கூடவே எண். போஸ்ட் எதுவும் வேண்டாம். இந்த வரி இல்லாவிட்டால் யாராவது அங்கே விலை கேட்பார், ஒரு மாதம் பதில் வராது, உங்கள் பெயர்தான் கெடும்.

2. உங்கள் சொந்தக் கணக்கை முதலில் எடுங்கள்

புதுத் தளத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. புதியவர்கள் வரிசையை மாற்றிச் செய்து தடுமாறுவதும் இங்கேதான். இப்போது ஒரு ஆர்டர் எங்கிருந்து வருகிறது, அதற்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று தெரியாமல், புதுத் தளம் லாபமா நஷ்டமா என்று எதை வைத்துச் சொல்வது?

கடைசி மூன்று மாத ஆர்டர்களை ஒரு தாளில் மூலவாரியாகப் பிரியுங்கள். பதிவு இல்லையென்றால் இன்றிலிருந்து தொடங்குங்கள். முதல் ஆர்டர் போடும் ஒவ்வொருவரிடமும், "எங்களை எங்கே பார்த்தீங்க?" என்று ஒரு வரி கேட்டு, பில்லின் ஓரத்தில் குறித்தால் போதும். ஒரு மாதத்தில் தெளிவான படம் கிடைக்கும்.

நம் கோத்தகிரி பிராண்டுக்கு மாதம் 180 ஆர்டர். அதில் 95 வாட்ஸ்அப்பில் திரும்பி வரும் பழைய வாடிக்கையாளர்கள். 55 இன்ஸ்டாகிராம் வழியாக. மீதி 30, ஹோம்ஸ்டேக்களிலும் கடைகளிலும் வைத்த அட்டையைப் பார்த்து வருபவை. சராசரி ஆர்டர் 500 ரூபாய். இலை, பாக்கெட், கூரியர் எல்லாம் போக ஒரு ஆர்டரில் கையில் நிற்பது 140 ரூபாய்.

அடுத்தது நேரம். பேக்கிங்கைச் சேர்க்காமல், போஸ்டுக்கும் பதிலுக்கும் வாரம் 14 மணி நேரம் கிடைக்கிறது. அதில் இன்ஸ்டாகிராமுக்கு 8, வாட்ஸ்அப்புக்கு 4. மிச்சம் 2 மணி நேரம். இந்த 2 என்ற எண்தான் பின்னால் முடிவைத் தீர்மானிக்கப் போகிறது. அதை மனக்கணக்காகச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். எல்லாருக்கும் தங்களிடம் இருப்பதைவிட அதிக நேரம் இருப்பதாகத்தான் தோன்றும்.

3. தளம் எந்த வகை என்று பாருங்கள்

இந்தப் படியில் நிதானம் வேண்டும். வகை தெரியாமல் இறங்கினால் மற்ற படிகள் எல்லாம் சரியாகச் செய்தாலும் பலன் இல்லை.

அறிமுகம் இல்லாதவர் கண்ணில் உங்கள் போஸ்ட் படும் தளம் ஒரு வகை. இன்ஸ்டாகிராம், யூடியூப், த்ரெட்ஸ் எல்லாம் அப்படித்தான். ஏற்கெனவே எண் தெரிந்தவர்களோடு பேசும் தளம் இன்னொரு வகை. வாட்ஸ்அப், ஜோஹோ நிறுவனத்தின் அரட்டை ஆப் போன்றவை இதில் சேரும்.

ஜோஹோவின் அரட்டை 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பெரிய அலை எழுந்தது 2025 செப்டம்பர் கடைசியில். நாளுக்கு 3,000 ஆக இருந்த புதுப் பதிவு மூன்றே நாளில் 3.5 லட்சம் ஆனதாக நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அப்போது சொன்னார். அந்த வாரத்தில் பல கடைகள், "நாங்களும் அரட்டையில் இருக்கிறோம்" என்று அறிவிப்பது இயல்புதான். ஆனால் பேச்சுத் தளத்தில் சேர்வதால் புது வாடிக்கையாளர் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்த அதே ஆள் இங்கேயும் பேசுவார். பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாகும், ஆர்டர் அதே எண்ணிக்கையில் நிற்கும்.

ஆகவே பேச்சுத் தளத்துக்குக் கேள்வியே வேறு. "அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பது முக்கியமில்லை. "என்னிடம் வாங்குபவர்களில் எத்தனை பேர் அங்கே பேச விரும்புகிறார்கள்?" என்பதே கேள்வி. ஒரே வாரத்தில் ஐந்து பேர் தாங்களாகவே கேட்டால் எண்ணை அங்கேயும் திறந்து வையுங்கள். யாரும் கேட்காவிட்டால் பெயரோடு நிறுத்துங்கள். இனி வரும் படிகள் அந்த வகைக்குத் தேவையில்லை.

புதியவர் கண்ணில் படும் தளமாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். போஸ்டிலோ சுயவிவரத்திலோ வெளி இணைப்பு கொடுக்க முடியுமா? முடியாவிட்டால் பார்த்தவர் வாங்க வழி இல்லை. அடுத்து, இன்று போட்டது இரண்டு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்குமா? தேயிலை அவசரத்துக்கு வாங்கும் பொருள் அல்ல. பார்த்து, மறந்து, வீட்டில் தூள் தீரும்போது தேடி வருவார்கள். குரலில் மட்டும் கூடிப் பேசும் தளமான கிளப்ஹவுஸ் 2021 மே மாதம் ஆண்ட்ராய்டுக்கு வந்து இங்கே பெரிதாகப் பேசப்பட்டபோது, பேசி முடித்த உரையாடல் அதோடு போனது, பிறகு கேட்க முடியாது. சொற்பொழிவாளருக்கு அது ஒத்துவரலாம். தேடி வரும் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பொருளுக்கு ஒத்துவராது.

தளம் நிலைக்குமா என்பதையும் இங்கேயே யோசியுங்கள், ஆனால் கணிக்க முயலாதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்கள் தடை செய்யப்பட்டன. முந்தின நாள் வரை அப்படி நடக்கும் என்று பலர் கணக்கில் வைக்கவில்லை. ட்விட்டருக்கு மாற்றாக வந்த இந்தியத் தளமான கூ 2024 ஜூலையில் மூடப்பட்டது. கணிக்க முடியாததற்கு ஒரே மாற்று, தளத்தில் கிடைக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் முதல் ஆர்டரிலேயே, அவர் சம்மதத்தோடு, உங்கள் சொந்தப் பட்டியலில் எண்ணாகப் பதிந்துவிடுவது. இதற்கு வழி தராத தளத்தில் நேரம் போடாதீர்கள்.

4. எட்டு வாரம் கவனியுங்கள்: டவுன்லோடை விட்டுவிட்டு, திரும்பி வருகிறார்களா என்று பாருங்கள்

செய்தியில் வருவது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண். உங்களுக்கு வேண்டியது எத்தனை பேர் திரும்பத் திறக்கிறார்கள் என்ற எண். த்ரெட்ஸில் முதல் ஐந்து நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். அடுத்த சில வாரங்களில் தினசரிப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. பிறகு மெல்ல ஏறி, 2025 ஆகஸ்டில் மாதம் 40 கோடிப் பேர் பயன்படுத்தும் தளமானது. முதல் வாரத்தைப் பார்த்து இறங்கியவரும், ஆறாவது வாரத்தைப் பார்த்து "முடிந்தது" என்று சொன்னவரும் இருவருமே தவறினார்கள்.

உலக எண்களைவிட உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் நல்ல அளவுகோல். கடைசி ஆறு மாதத்தில் வாங்கியவர்களில் 30 பேரைத் தேர்ந்தெடுங்கள்: சென்னையில் பத்து, கோவை பெங்களூருப் பக்கம் பத்து, சீசனில் ஊட்டிக்கு வந்தபோது வாங்கிப் போனவர்கள் பத்து. அவர்களிடம் ஒரே கேள்வி: "நேத்து அந்த ஆப்பைத் திறந்தீங்களா?"

கேள்வியின் வாசகம் முக்கியம். "அந்த ஆப் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள், இறக்கியிருப்பார்கள் என்பதால். "எங்களை அங்கே பார்க்க விரும்புவீங்களா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். நேற்றைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். முதல் வாரம், நான்காவது வாரம், எட்டாவது வாரம் என்று மூன்று முறை, அதே 30 பேரிடம் கேளுங்கள். ஆட்களை மாற்றினால் ஒப்பிட முடியாது. 30 பேர் என்பது புள்ளிவிவர ஆய்வு அல்ல. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான்.

கூடவே, உங்களைப் போன்ற பொருள் விற்கும் பத்துக் கணக்குகளைக் கவனியுங்கள். தேயிலையாகவே இருக்க வேண்டாம். காபி, தேன், மலைப்பூண்டு, வீட்டுச் சாக்லேட் எதுவும் ஆகலாம். வாரம் 20 நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் கமெண்டுகளைப் படியுங்கள். "விலை என்ன?", "திருச்சிக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்பவர் வாங்க வந்தவர். "அருமை, நம்ம பக்கத்தையும் பாருங்க" என்று எழுதுபவர் இன்னொரு வியாபாரி. புதுத் தளங்களில் முதல் சில மாதம் இரண்டாவது வகைதான் நிறைந்திருக்கும். கடைகள் மட்டும் திறந்து, வாங்க ஆள் வராத சந்தை அது. ஃபாலோவர் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

5. எத்தனை ஆர்டர் வந்தால் கட்டுப்படியாகும் என்று போட்டுப் பாருங்கள்

ஒரு சிறு வீடியோவுக்கு எடுக்க 30 நிமிடம், வெட்டி ஒட்ட 40 நிமிடம், கமெண்டுக்குப் பதில் சொல்ல 20 நிமிடம் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரம். வாரம் இரண்டு போட்டால் 3 மணி நேரம். செய்திப் பெட்டியைப் பார்ப்பது, கணக்கெழுதுவது சேர்த்து 4. எட்டு வாரச் சோதனைக்கு 32 மணி நேரம்.

ஒரு மணி நேரத்துக்கு 150 ரூபாய் என்று உழைப்பை மதித்தால் 4,800 ரூபாய். ஆர்டருக்கு 140 ரூபாய் நிற்கிறது என்பதால் 35 ஆர்டர் வந்தால் ஈடாகும். பெரும்பாலானோர் கணக்கை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த பிராண்டிடம் மிச்சம் இருப்பது வாரம் 2 மணி நேரம்தானே? மற்ற 2 மணி நேரம் எங்கிருந்து வரும்? இன்ஸ்டாகிராமிலிருந்துதான்.

இன்ஸ்டாகிராமுக்கு மாதம் சுமார் 35 மணி நேரம் போட்டு 55 ஆர்டர் வருகிறது, அதாவது மணிக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். எட்டு வாரத்தில் 16 மணி நேரத்தை அங்கிருந்து எடுத்தால், மோசமான நிலையில் 25 ஆர்டர் குறையலாம். மிச்ச நேரத்திலிருந்து எடுத்த 16 மணி நேரத்துக்கு 2,400 ரூபாய், அதாவது 18 ஆர்டர். ஆக, புதுத் தளம் எட்டு வாரத்தில் தர வேண்டியது 43 ஆர்டர். முதலில் போட்ட 35 இல்லை. எடுக்கும் 2 மணி நேரம் பலன் குறைந்த நேரமாக இருந்தால் இழப்பு 25க்குக் கீழேயே நிற்கும். ஆனாலும் முடிவெடுக்க மோசமான எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

6. எப்போது தொடங்குவது: மலையின் நாட்காட்டியைப் பாருங்கள்

அலை எழும் மாதமும் உங்களுக்கு ஓய்வுள்ள மாதமும் ஒன்றாக இருக்காது. ஏப்ரல், மே சீசனில் நீலகிரியில் எந்தச் சோதனையும் வேண்டாம். கூட்டத்தில் விற்பனை தானாகவே ஏறும், புதுத் தளத்தால் ஏறியதா சீசனால் ஏறியதா என்று பிரிக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில்தான் கொட்டும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பார்சல் நிற்கும். புதுத் தளத்தில் முதல்முறை வாங்கியவருக்குப் பார்சல் பத்து நாள் தாமதமானால், அவர் எழுதும் முதல் கமெண்டே புகாராக இருக்கும். பழைய வாடிக்கையாளர் பொறுப்பார், புதியவர் பொறுக்க மாட்டார்.

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை நல்ல இடைவெளி. மழை இல்லை, சீசன் தொடங்கவில்லை, உறைபனி விழும் காலைகளில் எடுத்த படங்களும் குளிர்காலத் தேயிலையும் கையில் இருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் அலை எழுந்தது என்று வைத்தால், அன்று பெயர், நவம்பர் கடைசி வரை எட்டு வாரக் கவனிப்பு, டிசம்பரில் முடிவு, ஜனவரியில் சோதனை. மூன்று மாதம் தாமதம் போலத் தோன்றும். நிலைக்கும் தளம் என்றால் மூன்று மாதத்தில் ஓடிவிடாது.

7. முடிவுக்கான கோட்டை முன்னாலேயே எழுதி வையுங்கள்

எட்டாவது வார எண்கள் வருவதற்கு முன்பே, எது நடந்தால் இறங்குவோம் என்று எழுதி, தேதி போட்டு, பேக்கிங் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். எண் வந்த பிறகு கோடு போட்டால், மனம் விரும்பும் பக்கத்துக்கே கோடு நகரும்.

நம் பிராண்டு போட்ட கோடு இது. 30 பேரில் குறைந்தது 6 பேர் எட்டாவது வாரத்தில் "நேத்து திறந்தேன்" என்று சொல்ல வேண்டும். கவனித்த பத்துக் கணக்குகளில் மூன்றிலாவது கடைசி வாரத்தில் வாங்குபவரின் கேள்வி வந்திருக்க வேண்டும். மூன்றாவது படியில் பார்த்த வெளி இணைப்பும் தேடும் வசதியும் இருக்க வேண்டும். மூன்றும் சரியானால் சோதனை. இரண்டு மட்டும் சரியானால் இன்னொரு எட்டு வாரம் கவனிப்பு. அதற்கும் குறைவென்றால் ஆறு மாதம் கழித்து ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். தேதி குறிக்காமல் பொறுத்துப் பார்ப்பது மறந்துபோவதற்குச் சமம். இந்த 6, 3 என்பவை தொடங்குவதற்கான அளவுகள், உங்கள் பட்டியலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முன்னாலேயே மாற்றுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 30 பேரிடம் கேட்டதில் முதல் வாரம் 13 பேர், நான்காவது வாரம் 8 பேர், எட்டாவது வாரம் 7 பேர் திறந்ததாகச் சொன்னார்கள். விழுந்தது, ஆனால் நின்றுவிட்டது. 13, 5, 2 என்று போயிருந்தால் கதை வேறு. பத்தில் நான்கு கணக்குகளில் விலைக் கேள்விகள் வந்தன. இணைப்பும் தேடலும் இருந்தன. ஆகவே சோதனைக்கு இறங்கலாம்.

8. எட்டு வாரச் சோதனை

வாரம் இரண்டு போஸ்ட், அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரத்தில் தினமும் போட்டால் நான்காவது வாரத்தில் கை ஓய்ந்துவிடும், பிறகு வரும் எண்கள் தளத்தைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் களைப்பைப் பற்றித்தான் சொல்லும். இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோவை அதன் முத்திரையோடு அப்படியே ஏற்றாதீர்கள். வேறிடத்தில் போட்ட மிச்சம் என்று பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று பிரிக்க ஒரு அடையாளச் சொல் வையுங்கள். "வாட்ஸ்அப்பில் 'பனி' என்று எழுதி அனுப்புங்கள், 20 கிராம் மாதிரிப் பாக்கெட் கூட வரும்" என்று அந்தத் தளத்தில் மட்டும் சொல்லுங்கள். தள்ளுபடி கொடுத்தால் தள்ளுபடிக்காக வந்தவரையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும். மாதிரிப் பாக்கெட்டுக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதன் செலவை மட்டும் ஆர்டரில் நிற்கும் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அது 10 ரூபாய் என்றால் ஆர்டருக்கு 130 தான் நிற்கும், 43 என்ற இலக்கு 46 ஆகிவிடும்.

நான்காவது வாரத்தில் முடிவெடுக்காதீர்கள், பழுது மட்டும் பாருங்கள்: இணைப்பு வேலை செய்கிறதா, பதில் ஒரு நாளுக்குள் போகிறதா, அடையாளச் சொல்லைப் பில்லில் குறிக்கிறார்களா.

எட்டாவது வாரம் முடிந்தது. 'பனி' என்று 27 ஆர்டர் வந்தது. மகிழ்வதற்கு முன் அந்த 27 எண்களையும் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதில் 11 பேர் ஏற்கெனவே வாங்குபவர்கள், மாதிரிப் பாக்கெட்டைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர்கள். புதியவர்கள் 16 பேர். இந்த ஒப்பீட்டைச் செய்யாததால்தான் பல பிராண்டுகள், பழைய வாடிக்கையாளரையே புதுத் தளத்தின் வெற்றியாக எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் நேரம் கொட்டுகின்றன.

மறுபக்கம் ஒரு நியாயமும் உண்டு. ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலை என்றால் 100 கிராம் பாக்கெட் 50 கோப்பை. நாளுக்கு ஒன்று குடிப்பவருக்கு 50 நாள் ஓடும். ஆகவே இரண்டாவது ஆர்டர் எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தெரியாது. சோதனை முடிந்ததும் புதிதாகப் போஸ்ட் போடுவதை நிறுத்திவிட்டு, 60 நாள் காத்திருந்து, அந்த 16 பேரில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பாருங்கள். இங்கே 5 பேர் வந்தார்கள். மொத்தம் 21 ஆர்டர். 46இல் பாதி கூட இல்லை.

9. முடிவுக்குப் பிறகு

இலக்கைத் தொட்டிருந்தால் வாரம் 4 மணி நேரத்தை அப்படியே தொடருங்கள். உடனே இரட்டிப்பாக்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் ஆர்டர் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று இன்னொரு காலாண்டு பார்த்த பிறகே நேரத்தை நகர்த்தலாம்.

இந்த எடுத்துக்காட்டைப் போல பாதிக்குக் கீழே நின்றால் கவனிப்புக்குத் திரும்புங்கள். "இவ்வளவு போட்டாச்சே" என்ற எண்ணம்தான் அப்போது பெரிய தடை. போட்ட 32 மணி நேரம் திரும்பாது, அடுத்த 32 மணி நேரத்தையாவது காப்பாற்றலாம். சுயவிவர வரியை மறுபடி "பதில் வாட்ஸ்அப்பில் மட்டும்" என்று மாற்றுங்கள். நல்ல போஸ்ட் ஒன்றை மேலே நிறுத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை செய்திப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை உங்கள் பிராண்டுப் பெயரை அங்கே தேடி, போலிக் கணக்கு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கை அழிக்க வேண்டாம். சில தளங்களில் அழித்த பெயர் பிறகு வேறொருவருக்குக் கிடைத்துவிடும். அழித்தே ஆக வேண்டும் என்றால், தரவுகளை இறக்கி வைத்து, அங்கே வந்த புது வாடிக்கையாளர்கள் எல்லாரும் உங்கள் பட்டியலில் இருக்கிறார்களா என்று பில்லோடு சரிபார்த்த பிறகு அழியுங்கள்.